ஸ்கேனில் ‘கிரேடு 2’: இஞ்சி டேப்பும் மூன்று ரத்த எண்களும் சொல்வது என்ன?

*“டாக்டர், எனக்கு வயது 44. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. கம்பெனியில் எல்லோருக்கும் செக்கப் செய்தபோது ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்தது. எஸ்.ஜி.பி.டி. 68, எஸ்.ஜி.ஓ.டி. 42, பிளேட்லெட் 2.4 லட்சம், மூன்று மாதச் சர்க்கரை 6.1, டிரைகிளிசரைடு 212. குடிப்பழக்கம் கிடையாது, மாதம் ஒருமுறை நண்பர்களோடு மட்டும். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். டீ ஐந்து, சாயங்காலம் இரண்டு வடை. நெய், எண்ணெய், முட்டை மஞ்சள் கரு எல்லாவற்றையும் இரண்டு மாதமாக விட்டுவிட்டேன், எடை இறங்கவே இல்லை. தொப்பையும் பெரிதில்லை, பேன்ட் 36 தான். கல்லீரலுக்கு ஆகாது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். கிரேடு 2 என்றால் அடுத்தது சிரோசிஸா? எவ்வளவு எடையை எத்தனை மாதத்தில் குறைக்க வேண்டும்?”*
— வாசகர், திருப்பூர்

இல்லை, கிரேடு 2-க்கு அடுத்த படி சிரோசிஸ் இல்லை. கிரேடு என்பது ஸ்கேன் திரையில் கல்லீரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்குப் பார்ப்பவர் போடும் மதிப்பெண். பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு, ரத்தக்குழாய்களின் ஓரம் மங்குகிறதா, பின்னால் உதரவிதானம் தெரிகிறதா என்று பார்த்து எழுதுவார்கள். இன்று கிரேடு 2 என்று எழுதிய கல்லீரலை நாளை வேறொரு ஸ்கேன் சென்டரில் கிரேடு 1 என்று எழுதினாலும் ஆச்சரியமில்லை. கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான் அது உத்தேசமாகச் சொல்லும். சிரோசிஸுக்கு வழி செய்வது கொழுப்பின் அளவு மட்டும் அல்ல, அந்தக் கொழுப்பால் கல்லீரல் புண்பட்டுப் புண்பட்டு உள்ளே தழும்பு ஏறுவதுதான். தழும்பு ஏறியிருக்கிறதா என்பதைக் கிரேடு சொல்லாது. அதைச் சொல்லும் எண்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

வயது, கல்லீரல் செல்கள் புண்படும்போது ரத்தத்தில் கூடும் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் நான்கையும் சேர்த்துப் போடும் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். கீழே, பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். பிறகு மேலே வந்ததைக் கீழே வந்ததால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 44 × 42 = 1848. 68-இன் வர்க்கமூலம் 8.25; அதை 240-ஆல் பெருக்கினால் 1980. வகுத்தால் 0.93. விடை 1.3-க்குக் கீழே இருந்தால், கவலைப்படும் அளவுக்குத் தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1.3-க்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பைப் பார்க்க வேண்டும். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் நிம்மதி. ஃபிப்-4 விடையே 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரிடம் நேராகப் போய்விட வேண்டும். 0.93 வந்திருக்கும் உங்களுக்கு இப்போது ஃபைப்ரோஸ்கேனே தேவையில்லை.

இந்தக் கணக்கில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் போட வேண்டும்: 2.4 லட்சம் என்றால் 240. லேப் தாளில் இருக்கும் 2.4-ஐ அப்படியே போட்டால் விடை 93 என்று வரும். மனிதர் அன்றிரவு தூங்க மாட்டார். அடுத்தது காய்ச்சல். டெங்கு வந்தால் பிளேட்லெட் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், இரண்டுமே விடையைப் பொய்யாகத் தூக்கிவிடும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் கணக்குப் போட வேண்டும். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து கால் வலிக்க வலிக்க உடற்பயிற்சி செய்த மறுநாள் எடுத்தாலும் தசையிலிருந்து வரும் எஸ்.ஜி.ஓ.டி. எண்ணைக் கூட்டிவிடும். வயதும் பார்க்க வேண்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65-க்கு மேல் 1.3-க்குப் பதிலாக 2 என்பதை எல்லையாக வைக்க வேண்டும்.

அப்படியானால் எஸ்.ஜி.பி.டி. 68 எதைச் சொல்கிறது? கல்லீரல் செல்கள் இப்போது புண்பட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை. பல லேப்கள் 45, 50 வரைக்கும் நார்மல் என்று அச்சிடுகின்றன. ஆரோக்கியமான ஆணுக்கு 33-க்கு மேலேயும், பெண்ணுக்கு 25-க்கு மேலேயும் போகக் கூடாது. உங்களுடையது அதன் இரண்டு மடங்கு. ஆனாலும் எஸ்.ஜி.பி.டி. பெரிதாகவும் எஸ்.ஜி.ஓ.டி. சிறியதாகவும் இருப்பது, உடல் பருமனாலும் சர்க்கரையாலும் வரும் கொழுப்புக் கல்லீரலின் ஆரம்பக் கட்டத்துக்கு உரிய வரிசை. இது தலைகீழாகி எஸ்.ஜி.ஓ.டி. பெரிதானால் ஒன்று மதுவைச் சந்தேகிக்க வேண்டும், இல்லையென்றால் தழும்பு ஏறுகிறதோ என்று பார்க்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யின் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டால் மதுதான் முதல் சந்தேகம்.

மதுவைப் பற்றி ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். “குடிப்பழக்கம் இல்லை” என்பது ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொரு பொருள் தரும். கல்லீரலுக்குக் கிராம் கணக்குதான் தெரியும். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம். ஆண்களுக்கு வாரம் 210 கிராமுக்கு மேல் போனால் மதுவும் காரணம் என்றே நோயை வகைப்படுத்துகிறோம். மாதம் ஒரு குவார்ட்டர் இந்தக் கணக்கில் வராது. அது உண்மையில் வாரம் ஒருமுறையாக இருந்தால் உங்கள் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். எஸ்.ஜி.பி.டி. 33-க்குக் கீழே வரும்வரை அந்த மாதம் ஒருமுறையையும் விட்டுவிடச் சொல்வேன்.

இன்னும் பார்க்காமல் விட்டவை: ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்கேனில் கொழுப்பு தெரிந்துவிட்டது என்பதற்காக வைரஸ் இல்லை என்று ஆகிவிடாது. கூடவே தைராய்டும் ரத்த அழுத்தமும். சீந்தில் பொடி, உடம்பு தேற்றும் பவுடர், எடை குறைக்கும் மூலிகை மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். சீந்திலால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி இஞ்சி டேப். பேன்ட் 36 என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். 36 அங்குலத்தைச் செ.மீ.யாக மாற்றினால் 91.4. நம் ஊர் ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ., பெண்களுக்கு 80. அதாவது பேன்ட் சொல்வதை நம்பினாலுமே நீங்கள் எல்லையைத் தாண்டியாகிவிட்டது. பேன்ட்டோ பாதி உண்மைதான் சொல்லும். தொப்பை உள்ளவர்கள் அதைத் தொப்பைக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிக் கட்டுகிறார்கள். லேபிளில் 36 என்று இருக்கும் உருப்படியை அளந்தால் வேறு அளவு இருப்பது பனியன் கம்பெனியில் இருக்கும் உங்களுக்குப் புதிதில்லை.

அளப்பது இப்படி. காலையில் கழிவறை போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல், சட்டையைக் கழற்றி நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. அதே பக்கம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில்தான் டேப் சுற்ற வேண்டும். அது தொப்புளுக்கு நேராக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் எண்ணைப் படியுங்கள். இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளந்துவிடுங்கள். டேப் பழையதாக இருந்தால் முதலில் ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், துணி டேப் நாளாக நாளாக இழுபடும். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் 98-லிருந்து 102 வரை வரலாம். கணக்குக்காக 100 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அளந்த எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்பளவுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 60 விழுக்காடு, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தம் வழியாக வந்து சேர்வது. கால் பங்கு, நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு கல்லீரலே புதிதாகச் செய்துகொள்வது. சாப்பாட்டிலிருக்கும் எண்ணெய், நெய்யிலிருந்து நேராக வருவது சுமார் 15 விழுக்காடுதான். நீங்கள் இரண்டு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த 15-ஐ. நெய்யையும் மஞ்சள் கருவையும் விட்ட தட்டில் அந்த இடத்தைச் சோறும் இட்லியும்தான் நிரப்பியிருக்கும். எடை இறங்காததும் அதனால்தான்.

“வீட்டுச் சாப்பாடு” என்பதை வைத்து எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நாள் எழுதுங்கள்: இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்ட உடனே, எண்ணிக்கையோடும் கரண்டிக் கணக்கோடும் எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து யோசித்து எழுதினால் டீயோடு போன பிஸ்கட்டும், குழந்தை மிச்சம் வைத்த தோசையும் விட்டுப்போகும். அதற்கும் மேல் ஒரு சாட்சி இருக்கிறது, மளிகைக் கடைச் சிட்டை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 கிலோ சர்க்கரை வாங்கினால் தலைக்கு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் வருகிறது. 4 லிட்டர் எண்ணெய் என்றால் தலைக்கு 33 மில்லி. நீங்கள் கணக்குப் பார்ப்பவர். சிட்டையும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எதை நம்ப வேண்டும் என்று தெரியும்.

கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்தே எடை போடலாம். ஐந்து டீக்கும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், 50 கிராம், 200 கலோரி. இரண்டு வடை இன்னொரு 200, 250. எண்ணெயை விட்டுவிட்டேன் என்று எழுதியவர் வடையை எண்ணெயில் சேர்க்கவில்லை. வெளியில் சாப்பிடுவதைப் பலரும் இப்படித்தான் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மதியம் மூன்று பெரிய கரண்டிச் சோறு, இரவு நான்கு தோசை என்று வைத்துக்கொண்டால் (உங்கள் நோட்டு வேறு சொல்லலாம்) நாள் முழுதும் மாவுச்சத்துதான் ஓடுகிறது, புரதம் சாம்பாரில் கரைந்த பருப்போடு நின்றுவிடுகிறது.

ஆகவே நான்கு மாற்றங்கள். டீயை மூன்றாகக் குறைத்து, அரை ஸ்பூனுக்கு இறக்கிப் பிறகு சர்க்கரையே இல்லாமல் பழகுங்கள். சர்க்கரை போடாத காபி கல்லீரலுக்கு நல்லது. நாளைக்கு இரண்டு டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம். நாட்டுச் சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு என்று மாற்றுவதில் கல்லீரலுக்கு லாபமில்லை. வடையின் இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் சோற்றில் ஒரு கரண்டியை, ஏறக்குறைய 100 கிராமை, எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொரியலும் கெட்டிப் பருப்பும் அல்லது முட்டை, மீன், கோழி. இரவு இரண்டு தோசையும் ஒரு முழு முட்டையும். மஞ்சள் கருவை இனி எறிய வேண்டாம். புரதம் நாளைக்கு 65, 70 கிராம் வர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் சுமார் 12, ஒரு கப் தயிரில் 6, 7. கூட்டிப் பார்த்தால் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். சமையல் எண்ணெயை அடியோடு விட வேண்டாம். நாளைக்கு 20, 25 மில்லிக்குள் இருந்தால் போதும். இவ்வளவும் செய்தால் நாளைக்கு 400, 500 கலோரி குறையும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இப்போது இலக்கு. உங்கள் 78 கிலோவில் 5 விழுக்காடு என்றால் 4 கிலோ. அவ்வளவு குறைந்தாலே கல்லீரலின் கொழுப்பு நன்றாக இறங்கும். 7-லிருந்து 10 விழுக்காடு குறைந்தால் புண்படுவதே அடங்கும். உங்களுக்கு அது 5.5 கிலோவிலிருந்து 8 கிலோ. ஏற்கெனவே தழும்பு ஏறியவர்களுக்குத்தான் 10-க்கு மேல் குறிவைக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் பன்னிரண்டு வாரத்தில் 74 கிலோ. அதற்கடுத்த ஆறு, ஏழு மாதத்தில் 71, 72. பி.எம்.ஐ. அட்டவணை உங்கள் உயரத்துக்கு 65 கிலோவுக்குக் கீழே என்று காட்டும். அதைச் சுவரில் ஒட்டிவைத்து மனம் உடைய வேண்டாம், கல்லீரல் அவ்வளவு கேட்கவில்லை. இடுப்பு, எடை ஒரு கிலோ இறங்கினால் சுமாராக ஒரு செ.மீ. இறங்கும். 100 என்றால் மூன்று மாதத்தில் 96, ஆண்டு முடிவில் 93, 94. 90-க்குக் கீழே போவது அதற்கடுத்த ஆண்டு வேலை.

வேகமாகக் குறைத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதில்லை. வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரலாம். கல்லீரல் வீக்கம் கூடவும் இடமுண்டு. கொழுப்போடு தசையும் கரையும். அதைக் கண்டுபிடிக்கவும் இஞ்சி டேப்தான் உதவும்: எடை நான்கு கிலோ இறங்கியும் இடுப்பு அசையவில்லை என்றால் கரைந்தது கொழுப்பு அல்ல, புரதமும் உடற்பயிற்சியும் போதவில்லை. மாறாக எடை அசையாமல் இடுப்பு மட்டும் 2 செ.மீ. இறங்கியிருந்தால் சோர்ந்துவிடாதீர்கள், வழி சரி. நடைக்கு வாரம் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில். இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது போதும். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியது தவறு. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் அதிகம் இறப்பது கல்லீரலால் அல்ல, இதய, ரத்தக்குழாய் நோய்களால். எஸ்.ஜி.பி.டி. லேப் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டாதவரை ஸ்டேட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை தாராளமாகப் போடலாம். உங்களுடையது அதன் கிட்டேகூட இல்லை. கொடுத்த மருத்துவரிடம் நிறுத்தியதைச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். லிவர் டானிக்குக்கும் கீழாநெல்லிக்கும் உங்கள் நிலையில் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன், கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. புதிதாக வந்திருக்கும் மருந்துகள் தழும்பு ஏறியவர்களுக்கானவை.

வாரம் ஒருமுறை எடை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பு, இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். பன்னிரண்டாவது வாரம் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., டிரைகிளிசரைடு, மூன்று மாதச் சர்க்கரை நான்கையும் திரும்ப எடுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். எஸ்.ஜி.பி.டி. 17 புள்ளியாவது இறங்கியிருந்தால், அதாவது 51-க்கு வந்திருந்தால், கல்லீரலுக்குள் உண்மையாகவே மாற்றம் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 6.1 என்ற சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, அது 5.7-க்குக் கீழே வர வேண்டும். ஸ்கேனை ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுக்காதீர்கள். கிரேடு மாறினாலும் மாறாவிட்டாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்யப் போவதில்லை.

எடையும் இடுப்பும் இறங்கியும் ஆறு மாதத்தில் எஸ்.ஜி.பி.டி. மட்டும் இறங்கவில்லை என்றால் காரணம் கொழுப்பு மட்டும் இல்லை. அப்போது கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள், அவர் வேறு நோய்களைத் தேடுவார். ஃபிப்-4 கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை புது எண்களோடு போடுங்கள், 1.3-ஐத் தொட்டால் ஃபைப்ரோஸ்கேன். இதற்கிடையே கண் மஞ்சளானாலோ, கால் வீங்கினாலோ, வயிறு திடீரென்று பெருத்தாலோ பன்னிரண்டாவது வாரத்துக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.